எண்ணெய்ச் சட்டியின் போட்டோவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாமா?



போன ரமலானில் ஒருநாள் தராவீஹ் முடிந்து வீட்டுக்கு வந்து செல்போனைப் பார்த்தபோது, நம் மஹல்லா வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்திருந்தது. தர்காவுக்குப் பக்கத்துத் தெருவில் நிற்கும் ஒரு தள்ளுவண்டி. அதில் இரும்புச் சட்டி நிறைய எண்ணெய், தார் போலக் கறுப்பாக. "நம்ம பிள்ளைகள் நோன்பு திறக்க இதைத்தான் வாங்கித் தின்னுதுக" என்று கீழே ஒரு வரி. சஹர் நேரத்துக்குள் அந்தப் போட்டோ செல்லூர், நரிமேடு வரைக்கும் போய்விட்டது.

அந்த வண்டி யாருடையது என்று எங்களுக்குத் தெரியும். கணவரை இழந்த ஒரு சகோதரி, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு சிக்கன் பக்கோடாவும் காலிஃபிளவர் 65-ம் போட்டு விற்கிறார். வண்டி வாங்க வட்டியில்லாக் கடன் கொடுத்தது நமது டிரஸ்ட். மறுநாள் அஸருக்குப் பிறகு வழக்கமாக நிற்கும் கூட்டம் அவரிடம் நிற்கவில்லை. போட்டோ எடுத்த சகோதரரும் தவறான எண்ணத்தில் செய்தவர் அல்ல. அவருடைய மகனுக்கு வயிறு சரியில்லாமல் போயிருந்தது. "நான் பார்த்ததைத்தானே பாய் போட்டேன்" என்றார். அவர் சொன்னது உண்மை. ஆனால் அவர் பார்த்தது என்ன, பார்த்ததாக நினைத்தது என்ன என்பதுதான் கேள்வி. அதைத் தெரிந்துகொள்ள நாங்கள் ஒரு வாரம் அலைந்தோம். உணவுப் பாதுகாப்புத் துறையில் வேலை பார்க்கும் ஓர் அலுவலர் பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார். அவரிடம் கேட்டதையும் நாங்களே செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில், எண்ணெய் ஏன் கெடுகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பொரிக்கும்போது எண்ணெய் 170, 180 டிகிரி சூட்டில் மணிக்கணக்கில் நிற்கிறது. அதன் மேல் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். மாவிலும் கறியிலும் இருக்கிற தண்ணீர் எண்ணெயை உடைத்து அதிலிருந்து கொழுப்பு அமிலங்களைப் பிரித்துவிடுகிறது. அந்த அமிலம் கூடக்கூட, எண்ணெய் புகைய ஆரம்பிக்கிற சூடு குறைந்துகொண்டே வரும். காற்று பட்டு ஆக்ஸிஜன் சேர்வதால் காறல் வாடை வருகிறது. சூடு, உடைந்த துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பெரிதாக்குகிறது. அதனால் எண்ணெய் கெட்டியாகிறது, நுரைக்கிறது, சட்டி விளிம்பில் பிசினாகப் படிகிறது. இப்படி எண்ணெய் மாறிப் பிறக்கிற பொருட்களை மொத்தமாகச் சேர்த்து 'மொத்தப் போலார் சேர்மங்கள்' என்கிறார்கள். புது எண்ணெயிலும் இது கொஞ்சம் உண்டு. நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்கு வைத்திருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வரம்பு வைத்திருக்கிறது. 2018 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இந்தச் சேர்மங்களை உயர் ரத்த அழுத்தம், ரத்தக்குழாய் தடிப்பு, கல்லீரல் நோய் ஆகியவற்றோடு ஆணையம் தொடர்புபடுத்துகிறது. ஒருநாள் இரண்டு பக்கோடா தின்றதால் வருவதல்ல இது. தினமும் அதே சட்டியில் தின்கிறவர்களுக்கான கவலை.

இப்போது கவனியுங்கள். சட்டம் கேட்பது அந்த 25 என்ற அளவை. எத்தனை முறை பொரித்தார்கள் என்றோ என்ன நிறம் என்றோ சட்டம் கேட்கவில்லை. போட்டோவில் நமக்குத் தெரிவதோ பெரும்பாலும் நிறம் மட்டும்தான். இந்த நிறம் நம்மை எப்படியெல்லாம் ஏமாற்றும் என்பதை டிரஸ்ட் அலுவலகத்துச் சமையலறையிலேயே பார்த்தோம்.

கடையிலிருந்து உடைக்காத ஒரு லிட்டர் கடலெண்ணெய் பாக்கெட் வாங்கி வந்தோம். அதைப் பிரித்து, கொஞ்சத்தை ஒரு வெள்ளைப் பீங்கான் சாசரில் ஊற்றினோம். மீதியை நோன்புக் கஞ்சிக்குத் தாளிக்கிற பழைய இரும்புச் சட்டியில் ஊற்றினோம். அடுப்பே பற்றவைக்கவில்லை. இரவில், மஞ்சள் பல்பு ஒன்றை மட்டும் போட்டுவிட்டு இரண்டையும் ஒரே செல்போனில் தனித்தனியாகப் படம் எடுத்தோம். சாசரில் இருந்தது தேன் நிறம். சட்டியில் இருந்தது கிட்டத்தட்ட டீ டிக்காஷன். அன்று வந்திருந்த நிர்வாகிகளிடம் சட்டிப் படத்தை மட்டும் காட்டி, "எத்தனை நாள் எண்ணெய்?" என்று கேட்டோம். ஒருவர் நாலு நாள் என்றார், இன்னொருவர் ஒரு வாரம் என்றார். பாக்கெட் பிரித்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை!

காரணம் எளிது. எண்ணெய் வழியாக வெளிச்சம் எவ்வளவு ஆழம் போய்த் திரும்புகிறதோ அவ்வளவு நிறம் கூடித் தெரியும். சாசரில் அரை விரல் ஆழம், சட்டியில் அரைச் சாண். அடியில் வெள்ளைப் பீங்கான் இருந்தால் வெளிச்சம் திரும்பி வருகிறது, கறுத்த இரும்பு இருந்தால் அங்கேயே அமுங்கிப் போகிறது. இதற்கு மேல் செல்போன் தன் வேலையைச் செய்கிறது. படத்தில் எது வெள்ளை என்று அது தானாகவே ஊகித்து மற்ற நிறங்களை மாற்றிக்கொள்கிறது. மஞ்சள் பல்பில் அந்த ஊகம் பிசகினால் எல்லாமே செம்மஞ்சளாகிவிடும். இரவில் வண்டியில் மாட்டியிருக்கிற பல்பின் வெளிச்சம் நேராக லென்ஸில் அடித்தால், அதைச் சமாளிக்க மற்ற இடத்தையெல்லாம் இருட்டாக்கிவிடும். நாம் பார்ப்பது எண்ணெயின் நிறம் பாதி, போனின் ஊகம் பாதி.

பொரிக்கிற பண்டமும் நிறத்தை மாற்றும். மசாலா தடவிய கறியைப் போட்டால் மிளகாய்த்தூளின் சிவப்பு எண்ணெயில் கரையக்கூடியது. அது முதல் ஈட்டிலேயே எண்ணெயைச் சிவப்பாக்கிவிடும். உதிர்ந்த மசாலாவும் மாவும் அடியில் கருகினால் கறுப்பு சேர்கிறது. அதே எண்ணெயில் அப்பளமோ மைதாச் சமோசாவோ மட்டும் போட்டால் நாள் கணக்கில் நிறம் அதிகம் மாறாது. ஆகவே சிக்கன் கடைச் சட்டியையும் சமோசாக் கடைச் சட்டியையும் நிறத்தால் ஒப்பிடுவது, காப்பியையும் டீயையும் பக்கத்தில் வைத்து எது பழசு என்று கேட்பது மாதிரி.

அப்படியானால் போட்டோவால் ஒரு பயனும் இல்லையா என்று அலுவலரிடம் கேட்டோம். "இருக்கு. நிறத்தை விட்டுட்டு நுரையைப் பாருங்க சார்" என்றார்.

நல்ல எண்ணெயில் ஈரமாவைப் போட்டால் பெரிய பெரிய குமிழிகள் வரும். அவை பண்டத்தை ஒட்டித்தான் நிற்கும், மேலே வந்ததும் பட்டென்று உடையும், இடையில் எண்ணெயின் பரப்பு தெளிவாகத் தெரியும். பண்டம் வெந்து ஈரம் குறையக் குறையக் குமிழியும் குறையும். ஜல்லிக்கரண்டியால் அள்ளி எடுத்த சில நொடிகளில் சட்டி அமைதியாகிவிடும். அளவு மீறிய எண்ணெயில் நுரை வேறு மாதிரி. சோப்பு நுரை போலப் பொடிப்பொடியாக, பழுப்பு வெள்ளையாக, பண்டம் இல்லாத இடத்திலும் பரவி, சட்டியின் சுவரில் ஏறும். பண்டத்தை எடுத்த பிறகும் போகாது. காரணம், ஒட்டிப் பெரிதான துண்டுகள் எண்ணெயைக் கெட்டியாக்கிக் குமிழியின் தோலை உடையவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வெளியிட்டுள்ள வழிகாட்டுதலிலும், நீலச்சாம்பல் புகை வந்தாலோ, கலையாத நுரை கட்டினாலோ, எண்ணெய் கறுத்துக் கலங்கிக் கெட்டியானாலோ அதைப் பயன்படுத்துவதை நிறுத்தச் சொல்லியிருக்கிறது. அங்கேயும் நிறத்தைத் தனியாகச் சொல்லவில்லை. கலங்கலையும் கெட்டித்தன்மையையும் கூடவே சேர்த்துத்தான் சொல்கிறது.

நுரையிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. மாவில் முட்டை அடித்து ஊற்றியிருந்தாலும், ஆப்பசோடா கூடுதலாகப் போட்டிருந்தாலும் புது எண்ணெயே நுரைக்கும். ஆகவே நுரை இருக்கிறதா என்பதைவிட, பண்டத்தை எடுத்த பிறகு அது கலைகிறதா என்பதுதான் கேள்வி. ஒற்றைப் போட்டோ இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. பதில் வேண்டுமென்றால் மூன்று படங்கள் வேண்டும்: சட்டி காய்ந்து பண்டம் போடுவதற்கு முன் ஒன்று, பொரிகிறபோது ஒன்று, அள்ளி எடுத்து மெதுவாகப் பத்து எண்ணியபின் ஒன்று. இதற்குப் பதிலாக அரை நிமிட வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது.

முதல் படம், அதாவது பண்டம் போடுவதற்கு முந்தைய படம், புகைக்காக. பொரியும்போது எழுவது பெரும்பாலும் நீராவி. படத்தில் ஆவியும் புகையும் ஒன்றுபோலத்தான் இருக்கும், பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஈரமே இல்லாத வெறும் எண்ணெயிலிருந்து ஆவி வராது. வெறும் எண்ணெய் மெல்லிய நீலப் புகை விட்டுக்கொண்டிருந்தால் ஒன்று தீ அதிகம், இல்லையென்றால் எண்ணெய் தேய்ந்துவிட்டது. தீயைக் குறைத்தும் புகை நிற்கவில்லை, கண் எரிகிறது என்றால் இரண்டாவதுதான் காரணம். கண்ணெரிச்சல் போட்டோவில் வராது. பக்கத்தில் நிற்கிறவர்தான் அதைச் சொல்ல வேண்டும்.

சட்டி விளிம்பில் கறுப்பாகப் படிந்திருக்கும் பிசினைப் பார்த்தும் பலர் முகம் சுளிக்கிறோம். அது வருடக் கணக்கில் படிந்தது. சட்டியின் வரலாற்றைத்தான் அது சொல்கிறது, இன்றைய எண்ணெயைப் பற்றி அல்ல. ஆனாலும் அதைச் சுரண்டிக் கழுவுவது நல்லது, ஏனென்றால் பழைய பிசின் புது எண்ணெயில் கரைந்து அதைச் சீக்கிரம் கெடுக்கும். நாம் பார்க்க வேண்டியது கறுப்புப் பிசினை அல்ல. எண்ணெய் மட்டத்தை ஒட்டி, தொட்டால் விரலில் ஒட்டுகிற பழுப்புப் பிசின் வளையம் புதிதாக இருக்கிறதா என்பதை.

இனி, ஆரம்பத்தில் சொன்ன அந்தப் போட்டோவுக்கு வருவோம். அலுவலரோடு உட்கார்ந்து அதைப் பெரிதாக்கிப் பார்த்தோம். எடுத்த நேரம் இரவு எட்டுக்கு மேல், மஞ்சள் பல்பின் கீழ். இரும்புச் சட்டி, ஆழம் அதிகம். சட்டியில் பண்டம் இல்லை, எண்ணெயின் மேல் நுரையும் இல்லை. பல்பின் உருவம் எண்ணெயில் உடையாமல் கண்ணாடியில் தெரிவதுபோல் தெரிந்தது. சட்டிக்குப் பின்னால் சிவப்பு மசாலா தடவிய கறித் தட்டு. "இதை வச்சு நான் எதுவும் சொல்லமாட்டேன். மோசம்னும் சொல்லமாட்டேன், நல்லதுன்னும் சொல்லமாட்டேன்" என்றார் அவர்.

அந்தச் சகோதரர் குழுவில் இன்னொரு படமும் போட்டிருந்தார். 'பாருங்கள், இதுதான் சுத்தம்' என்று, வேறொரு தெருவில் இருக்கிற ஒரு சமோசாக் கடையின் சட்டி. எண்ணெய் பொன் நிறம், எவர்சில்வர் சட்டி, பளிச்சென்ற வெள்ளை டியூப்லைட். ஆனால் சமோசாக்களைச் சுற்றி மட்டுமல்ல, சட்டியின் மறுகரை வரைக்கும் பொடி நுரை பரவியிருந்தது. ஒரு பக்கம் சுவரில் இரண்டு விரல் உயரத்துக்கு நுரை ஏறியிருந்தது. அலுவலர் அதைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து மாலையில் அவர் அளவுக் கருவியோடு வந்தார். வெப்பமானி போன்ற நீண்ட கம்பி, மேலே எண் காட்டும் சின்னத் திரை. பண்டத்தை எல்லாம் எடுத்துவிட்டு, குமிழி முழுதாக அடங்க ஐந்து நிமிடம் காத்திருக்கச் சொன்னார். எண்ணெயில் தண்ணீர் இருந்தால் கருவி தப்பாகக் காட்டுமாம். பிறகு கம்பியைச் சூடான எண்ணெயில் முக்கி, சட்டியின் இரும்பில் படாமல் மெதுவாகக் கலக்கினார். எண் ஓடி ஓடி ஓரிடத்தில் நின்றது. நம் சகோதரியின் கறுப்பு எண்ணெய் 21. சமோசாக் கடையின் பொன் எண்ணெய் 28. அந்தக் கடைக்காரர் முதலில் நம்பவில்லை. "சார், கலரைப் பாருங்க" என்றார். பிறகு அவரே, தினமும் குறைகிற அளவுக்குப் புது எண்ணெய் ஊற்றுவது மட்டும்தான், பழையதைக் கொட்டியதே இல்லை என்று சொன்னார். அன்றைக்கே கொட்டவைத்தார்கள்.

இதோடு கதையை முடித்தால் நம் டிரஸ்ட் உதவிய கடை தப்பித்தது என்று நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் 21 என்பது நிம்மதியான எண் அல்ல. வரம்புக்குள் இருக்கிறது, அவ்வளவுதான். கேட்டதில் அந்தச் சகோதரியும் அதே பழக்கத்தில்தான் இருந்தார். அன்று நாலாவது நாள். "மிச்சத்தைக் கொட்ட மனசு வரலை அண்ணே. ஒரு நாள் லாபமே அதுலதான் இருக்கு" என்றார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கும் மனம் வரவில்லை. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் அந்தப் போட்டோவின் கீழே எழுதிய வரி உண்மையாகியிருக்கும் என்பதையும் மறைக்க முடியாது.

அவருடைய கணக்கைக் கூட உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். சட்டிக்கு 4 லிட்டர் பாமாயில். ஒரு மாலை வியாபாரத்தில் பண்டம் உறிஞ்சுவதும் சிந்துவதுமாக ஒன்றேகால் லிட்டர் போகிறது. மிச்சம் இரண்டேமுக்கால் லிட்டர். மறுநாள் ஒன்றேகால் புதிது ஊற்றி மறுபடி 4 ஆக்குகிறார். பார்க்க, மூன்று நாளில் பழையது எல்லாம் போய்விடும் போலத் தோன்றும். போகாது, ஏனென்றால் ஒவ்வொரு நாளும் குறைவது பழையதும் புதியதும் கலந்த எண்ணெய். கணக்குப் போட்டால், நாலாம் நாள் மாலை அடுப்பு பற்றவைக்கும்போது சட்டியில் இருந்த 4 லிட்டரில் ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டருக்கு மேல் முதல் நாள் எண்ணெய். அந்தப் பழையது தானும் கெட்டு, ஊற்றுகிற புதியதையும் சீக்கிரம் கெடுக்கும், தயிருக்கு உறை ஊற்றினது மாதிரி. இப்படிப் புது எண்ணெய் கலப்பது நிறத்தை வெளுப்பாகக் காட்டும். போட்டோ பார்க்கிறவர் ஏமாறுகிற இடம் இதுவும் ஒன்று.

தீர்வு சட்டியில்தான் இருந்தது. பெரிய சட்டியில் எண்ணெய் நிறைய இருக்க, வியாபாரம் சின்னதாக இருந்தால் மிச்சம் அதிகமாகத்தான் இருக்கும். 2 லிட்டர் பிடிக்கிற அகலம் குறைந்த சட்டிக்கு மாறினார். நடுவில் அரை லிட்டர் புதிது ஊற்றுகிறார். இரவு கடை கட்டும்போது மிச்சம் ஒன்றேகால் லிட்டர். ஆறவைத்து, துணியில் வடிகட்டி, மூடிவைத்து மறுநாள் ஒருநாள் மட்டும் புது எண்ணெயோடு சேர்த்துக்கொள்கிறார். இரண்டாம் நாள் இரவு மிச்சம் முழுதும் வெளியே. ஆக, சட்டியில் இரண்டு நாளைக்கு மேற்பட்ட எண்ணெய் என்பதே இல்லை. இதனால் கூடும் செலவு நாளொன்றுக்குச் சராசரி அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஈடு சின்னதாகப் போட வேண்டியிருப்பதால் கொஞ்சம் நேரமும் ஆகிறது. பொரிந்து முடிந்ததும் உதிரியை ஒவ்வொரு ஈட்டுக்கும் அள்ளிவிடச் சொன்னோம். அவர் எண்ணெயைக் கறுப்பாக்கியதில் பாதி, அடியில் கருகிக் கிடந்த அந்த மசாலா உதிரிதான்.

போட்டோ எடுக்க நினைக்கிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. கடைக்காரரிடம் சொல்லிவிட்டு எடுங்கள், மறைந்து நின்று எடுத்தால் நுரை கலையும் வரை காத்திருக்க முடியாது. முடிந்தால் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். பிளாஷ் வேண்டாம், எண்ணெய்ப் பரப்பில் அது வெள்ளைத் திட்டாகத் தெரிந்து நுரையோடு குழப்பும். சட்டிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத் தட்டு படத்துக்குள் வருகிற மாதிரி வையுங்கள். அந்தத் தட்டு படத்தில் மஞ்சளாகத் தெரிந்தால், எண்ணெயின் நிறத்தையும் அதே அளவு நம்பாதீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் நின்று சாய்வாக எடுத்தால் போதும், சட்டிக்கு மேலே குனிந்தால் லென்ஸில் ஆவி படியும், கையில் எண்ணெயும் தெறிக்கும். படத்தோடு சேர்த்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: என்ன பொரித்தார்கள், வெறும் எண்ணெய் புகைந்ததா, காறல் வாடை இருந்ததா. இந்த மூன்றும் இல்லாத படத்தை வைத்துத் துறைக்காரர்களும் ஒன்றும் செய்ய முடியாது.

எடுத்த படத்தை யாருக்கு அனுப்புவது? முதலில் கடைக்காரரிடமே நேரில் கேளுங்கள். "எண்ணெய் எப்ப மாத்துனீங்க?" என்பது சண்டைக்கான கேள்வி அல்ல. "குறையக் குறைய ஊத்துவோம்" என்று பதில் வந்தால், எந்தப் போட்டோவையும்விட அது அதிகம் சொல்லிவிடுகிறது. கேட்டும் மாறவில்லை என்றால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் புகார் எண் 94440 42322. கடை இருக்கும் இடம், நாள், நேரம், மேலே சொன்ன விவரங்கள், படம் எல்லாவற்றையும் அதற்கு அனுப்புங்கள். கருவி வைத்து அளந்து பார்க்க அவர்களால்தான் முடியும். மஹல்லா குழுவில் போடாதீர்கள். கேள்விப்பட்டதை விசாரிக்காமல் பரப்பக் கூடாது என்பது நம் பிள்ளைகள் மதரஸாவில் படிக்கிற முதல் பாடங்களில் ஒன்று. குழுவில் போட்ட படத்தைத் திரும்ப எடுத்தாலும், அதை மற்ற இடங்களுக்கு அனுப்பியவர்களின் போனிலிருந்து எடுக்க முடியாது. முதல் படத்தைப் போட்ட சகோதரர், கருவியில் வந்த எண்ணையும் தானே குழுவில் எழுதினார். அதை அனுப்பியவர்கள் குறைவு. சகோதரியின் வியாபாரம் பழைய நிலைக்கு வரப் பெருநாள் தாண்டிவிட்டது.

வீடுகளிலும் இதே கேள்வி இருக்கிறது. நோன்பு மாதத்தில் தினமும் சட்டி வைக்கிற தாய்மார்கள் கேட்கிறார்கள். ஒருமுறை பொரித்த எண்ணெயை வடிகட்டி, இரண்டொரு நாளுக்குள் தாளிப்புக்கும் குழம்புக்கும் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள், மறுபடி பொரிக்க வேண்டாம் என்பதுதான் ஆணையத்தின் அறிவுரை. கறிக் குழம்புக்கு அது ருசி கூட்டும் என்பது எங்கள் வீட்டுக் கருத்து.

மிஞ்சிய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம், குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும். வீதியில் 'பழைய எண்ணெய்க்குக் காசு' என்று கேட்டு வருகிறவரிடமும் கொடுக்க வேண்டாம். அது எந்தச் சட்டிக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. பெரிய கடைகளில் கழிந்த எண்ணெய் குறைந்த விலைக்குச் சின்னத் தள்ளுவண்டிகளுக்கு வந்து சேர்வதாக நெடுநாள் புகார் உண்டு. இதைத் தடுப்பதற்காகத்தான் 2018 ஆகஸ்டில் 'ரூகோ' என்ற திட்டத்தை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தொடங்கியது. பயன்படுத்திய எண்ணெயை அனுமதி பெற்ற நிறுவனங்கள் விலை கொடுத்து வாங்கி பயோடீசல் செய்ய அனுப்புகின்றன. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்க எண்ணெய் பயன்படுத்தும் கடைகள் அதற்குக் கணக்கு வைத்திருக்க வேண்டும். நம் தெருக் கடைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒன்றேகால் லிட்டரை வாங்க யாரும் வண்டி எடுத்து வரவும் மாட்டார்கள்.

அதனால் நமது டிரஸ்ட் அலுவலக வாசலில் மூடி போட்ட 20 லிட்டர் கேன்கள் இரண்டு வைத்திருக்கிறோம். கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் எண்ணெயை நன்றாக ஆறவைத்து, வடிகட்டி, தண்ணீர் சேராமல் ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு கொண்டுவந்து ஊற்றலாம். கடைக்காரர்கள் கொடுத்த அளவு நோட்டில் எழுதப்படும். கேன் நிறைந்து விற்றதும் அவரவர் பங்குக்கான தொகை இன்ஷா அல்லாஹ் அவர்களிடம் கொடுக்கப்படும். கொண்டுவர முடியாத அளவுக்குக் கொஞ்சமாக இருந்தால் மணலிலோ மரத்தூளிலோ ஊறவைத்துக் குப்பையில் போடுங்கள்.